26,000 சொன்னார்கள், 32,000 கேட்டு எழுதிவிட்டேன்: அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்

தோவாளைக்காரி · செப்டம்பர் 2, இரவு 9:40

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். டாலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரிக் கணக்கு எல்லாம் பழக்கம். கையில் 22,000 வருகிறது, பிஎஃப் இல்லை. இப்போது ஒரு கட்டுமானப் பொருள் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்க ஆள் கேட்டார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மூன்று கடை. சனிக்கிழமை நேரில் போய்ப் பேசினேன். இன்று முதலாளியின் மகன் வாட்ஸ்அப்பில் "26,000, எப்போது சேர முடியும்?" என்று ஒரே வரி அனுப்பியிருக்கிறார். பார்த்ததும் வெப்ராளம் வந்துவிட்டது. கீழே உள்ளதை டைப் செய்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

> சார், 26,000 எனக்குக் கட்டுப்படியாகாது. மூன்று கடைக் கணக்கையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு இந்தச் சம்பளம் என்றால் யாரும் வர மாட்டார்கள். என் ஆறு வருட அனுபவத்துக்குக் குறைந்தது 32,000 தர வேண்டும். வேறு இடத்திலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நாளை மாலைக்குள் முடிவு சொல்லவும். இல்லையென்றால் நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் அண்ணன் படித்துவிட்டு "இதை அனுப்பினால் கடை வாசலில்கூட விட மாட்டார்கள்" என்கிறான். எனக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எல்லாம் உண்மைதானே?

---

ரப்பர்தோட்டம் · இரவு 10:05

மக்கா, ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு ஆபீஸில் கூட்டித் தருகிறோம் என்று சொன்னால் ஒருபோதும் நிற்காதே. ஆறு மாதத்தில் உன் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது.

---

தோவாளைக்காரி · இரவு 10:12

அண்ணா, ஆடிட்டர் சாருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இது புதுக் கடைக்கு எழுதுவது.

---

பேரம்புலி · இரவு 10:30

மெசேஜ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 32 குறைவு. 38 கேளுங்கள். அவர்கள் குறைப்பார்கள், 32-ல் வந்து நிற்கும். வேறு இடத்தில் 34 சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். பயந்தால் வேலை நடக்காது. நான் இரண்டு கம்பெனி மாறினேன், இரண்டு முறையும் இதே வழிதான்.

---

குழித்துறை கடைக்காரன் · செப்டம்பர் 3, காலை 6:50

நான் மேஜையின் அந்தப் பக்கம் இருப்பவன். ஹார்ட்வேர் கடை, பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். இந்த மெசேஜ் எனக்கு வந்திருந்தால் எப்படிப் படிப்பேன் என்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

"கட்டுப்படியாகாது" என்பது சிமென்ட் வாங்க வருகிறவர் என்னிடம் சொல்லும் வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்குள் இருக்கும் வியாபாரி எழுந்து உட்கார்ந்துவிடுவான். "யாரும் வர மாட்டார்கள்" என்றதும், போன வாரம் வந்துபோன இன்னொரு ஆளின் நம்பரைத் தேடுவேன். "தலையில் கட்டி" என்றால் நான் ஏதோ ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். "நாளை மாலைக்குள்" என்பது எனக்குக் கெடு. இத்தனைக்கும் நடுவில், 32,000 தந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். படித்து முடித்ததும் என் கையில் இருப்பது கோபம் மட்டும்தான்.

இன்னொன்று. மகன் அனுப்பினார் என்கிறீர்கள். அப்படியென்றால் பதில் மகனோடு நிற்காது. அப்பாவிடம் போனை நீட்டுவார், பழைய கணக்கப்பிள்ளை எட்டிப் பார்ப்பார், அவர்களுடைய ஆடிட்டரிடம்கூட ஒரு வார்த்தை கேட்பார்கள். கடை ரூமில் சத்தமாக வாசித்துக் காட்டினாலும் உங்களுக்குச் சங்கடம் வராத மாதிரி எழுதுங்கள்.

---

தக்கலை மாமா · காலை 8:15

கடைக்காரர் சொன்னதில் கடைசிப் பத்திதான் முக்கியம். நான் இருபது வருடம் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். சம்பளத்தைக் கூட்ட நினைக்கிற ஆள் வேறு, கூட்ட அதிகாரம் உள்ள ஆள் வேறு. முதல் ஆள் இரண்டாம் ஆளிடம் போய் உங்களுக்காகப் பேச வேண்டும். அதற்கு அவருக்கு நீங்கள்தான் வசனம் எழுதித் தர வேண்டும். உங்கள் மெசேஜை வைத்துக்கொண்டு மகன் அப்பாவிடம் என்ன சொல்ல முடியும்? "அந்தப் பெண் கறாராகப் பேசுகிறது" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பேரம்புலி தம்பி சொன்னதில் பாதி சரி. பேரத்துக்குக் கொஞ்சம் இடம் வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் இல்லாத ஆஃபரை நாகர்கோவிலில் சொல்லக்கூடாது. இது பெங்களூர் இல்லை. யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டு ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் வெளுத்துவிடும். கணக்குப் பார்க்கிறவர் சொன்ன எண் பொய் என்று தெரிந்தால், அப்புறம் அவர் எழுதும் எந்த எண்ணை நம்புவார்கள்? உண்மையிலேயே கூப்பிட்டார்களா மகளே?

---

தோவாளைக்காரி · காலை 8:40

வடசேரியில் ஒரு தெரிந்தவர் "உன்னை மாதிரி ஆள் இருந்தால் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

---

தக்கலை மாமா · காலை 8:44

அப்படியென்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

---

அழகியபாண்டிபுரம் அக்கா · காலை 9:30

தங்கச்சி, கோபத்தை எடுத்துவிட்டு இப்படி அனுப்பிப் பார்:

> வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கவும். 26,000-க்கு நன்றி. ஆனால் வீட்டில் அப்பாவுக்கு மருந்துச் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிறது. முடிந்தால் கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். தப்பாக நினைக்க வேண்டாம்.

---

குழித்துறை கடைக்காரன் · காலை 10:20

அக்கா, மன்னிக்கணும். "பார்த்துப் போட்டுத் தாங்க" என்று யார் கேட்டாலும் நான் 1,000 கூட்டுவேன். எண் சொல்லாமல் கேட்டால் எண்ணை நான்தானே முடிவு செய்வேன். மனசு இளகினால் 1,500. முதல் மெசேஜில் அடாவடி, இதில் இரக்கம். இரண்டிலுமே அவருக்கு என்ன வேலை தெரியும் என்பது இல்லை. வீட்டுச் செலவு எல்லோருக்கும் இருக்கிறது. என் கடையில் லோடு ஏற்றுகிறவருக்கும் இருக்கிறது.

---

தோஹா ரிட்டர்ன் · காலை 11:05

நான் கத்தாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுக் குளச்சலுக்குத் திரும்பியவன். அங்கே சம்பளம் கூட்டிக் கேட்டபோது சந்தோஷமாகக் கூட்டித் தந்தார்கள். கூட்டியது முழுவதும் வீட்டு வாடகைப் படியில்! அடிப்படைச் சம்பளம் அப்படியே இருந்தது. கிளம்பும்போது வருடத்துக்கு மூன்று வாரக் கணக்கில் பணிக்கொடை போட்டார்கள், அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும். பாதிப் பைசா அங்கேயே போனது. அதனால் கேட்பதற்கு முன் 26,000 என்பது எதை எல்லாம் சேர்த்து என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமா என்று தெரியவில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

---

தக்கலை மாமா · காலை 11:30

சம்பந்தம் இல்லாமல் என்ன, இதுதான் முதல் கேள்வியே. மூன்று கடையும் சேர்த்து எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிஎஃப் உண்டு. கடை தனித்தனியாக இருந்தாலும் ஒரே நிறுவனத்தின் கிளை என்றால் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். உங்கள் சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் இஎஸ்ஐ வராது. பிஎஃப் மட்டும் கேளுங்கள். கூட்டிக் கேட்கும் மெசேஜுக்கு முன்னால் இதைத் தனியாக, வெறும் தகவலாகக் கேளுங்கள்: "நன்றி சார். 26,000-இல் பிஎஃப் எப்படி வருகிறது என்று சொன்னால் பார்த்துவிட்டு இன்றோ நாளையோ பதில் தருகிறேன்." இதில் கேட்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. உங்களுக்கு ஒரு நாள் அவகாசமும் கிடைக்கும்.

---

தோவாளைக்காரி · மாலை 4:10

கேட்டேன். மொத்தம் முப்பது பேருக்கு மேல். பிஎஃப் உண்டு, "எல்லாம் 26-க்குள்" என்கிறார்.

கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. 15,000-க்குப் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம், என் பங்கு 1,800, கடையின் பங்கு 1,800. இரண்டும் 26-க்குள் என்றால் கையில் 22,400. இப்போது வாங்குவதைவிட 400 ரூபாய் கூடுதல்! மாதம் 3,600 என் பெயரில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு நாள் மார்த்தாண்டம் போக வேண்டும். போக வர சுமார் 60 கிலோமீட்டர். என் ஸ்கூட்டருக்கு மாதம் 1,200 ரூபாய் பெட்ரோல் ஆகும். அப்படியென்றால் எனக்கு நஷ்டம்தான்.

---

பேரம்புலி · மாலை 4:25

நான் சொன்னேன் இல்லையா? ஏமாற்றுகிறார்கள். 38.

---

குழித்துறை கடைக்காரன் · மாலை 5:00

ஏமாற்று என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். தனக்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்றுதான் முதலாளி யோசிப்பார். வேலைக்கு வருகிறவர் கையில் எவ்வளவு வரும் என்று பார்ப்பார். இருவரும் "26" என்கிறார்கள், எண்ணம் வேறு வேறு. ஆனால் தன் பங்குப் பிஎஃப்-ஐப் பேசிய சம்பளத்துக்குள் வைப்பது எனக்குப் பிடிக்காது. நான் அப்படிச் செய்வதில்லை. அவர் தன் பங்கைத் தனியாகத்தான் போட வேண்டும், அதை நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

அது சரி, போனில் முதலில் பேசும்போது எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்களே?

---

தோவாளைக்காரி · மாலை 5:20

கேட்டார்கள். 25 முதல் 28 வரை என்று சொன்னேன். அப்போது நாகர்கோவில் கடை மட்டும்தான் என்று நினைத்தேன்.

---

தக்கலை மாமா · மாலை 5:35

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டாமா மகளே! எல்லாமே மாறிவிட்டதே. 25 முதல் 28 என்றீர்கள், அவர் 26 சொன்னார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால், நீங்கள் கேட்ட எல்லைக்குள்தான் தந்திருக்கிறார். இந்த நிலையில் "இந்தச் சம்பளத்துக்கு யாரும் வர மாட்டார்கள்" என்று போயிருந்தால், "நீதானே சொன்னாய்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

இனி ஒரே வழி, நீங்கள் சொன்னதை நீங்களே எடுத்துச் சொல்வது. மறைக்கவும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "அப்போது இவ்வளவு வேலை என்று நினைத்து இப்படிச் சொன்னேன், நேரில் பேசியபோது இன்னின்னது சேர்ந்தது, அதனால் இந்த எண்" என்று எழுதுங்கள். எண் மாறியதற்குக் காரணம் வேலை மாறியது. இதை மகன் அப்பாவிடம் அப்படியே சொல்லலாம்.

எண்ணையும் குறைக்க வேண்டும். 28 சொன்ன வாய் 32 கேட்டால் புருவம் உயரும்.

---

குழித்துறை கடைக்காரன் · மாலை 6:10

30 என்றால் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். 32 என்றால் கணக்குப் போட மாட்டேன்.

நேரில் பேசும்போது அவர் எதைச் சொல்லிப் புலம்பினார் என்று நினைவு இருக்கிறதா? முதலாளிகள் கட்டாயம் எதையாவது புலம்புவோம். அங்கேதான் உங்கள் எண்ணுக்கு ஆதாரம் இருக்கிறது.

---

தோவாளைக்காரி · மாலை 6:40

புலம்பினார்! சப்ளையர்கள் சிலர் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுவதே இல்லை, அதனால் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிடைக்காமல் போகிறது, அது தெரிவதற்கு மூன்று மாதம் ஆகிறது என்றார். அப்புறம் மார்த்தாண்டம் கடை பில் நேரத்துக்கு வராததால் இரண்டு முறை தாமதக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.

இது எனக்குத் தினசரி வேலை. மாதம் 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியல் வந்துவிடும். அதைக் கொள்முதல் பதிவோடு ஒத்துப் பார்த்தால் எந்த சப்ளையர் பில் ஏற்றவில்லை என்று அன்றைக்கே தெரியும். 20-ஆம் தேதி 3பி ரிட்டர்ன் போட்டு வரி கட்டுவதற்குள் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், பணத்தை நிறுத்தியும் வைக்கலாம். நான் பார்க்கும் பதினான்கு பேரின் ரிட்டர்னில் இரண்டு வருடமாகத் தாமதக் கட்டணம் வந்ததில்லை.

---

தக்கலை மாமா · மாலை 7:00

ஆறு வருட அனுபவம் என்று நீங்கள் எழுதியதைவிட இந்தப் பத்தி பத்து மடங்கு பேசுகிறது. எந்தக் கடை, எவ்வளவு விற்றுமுதல் என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். ஆடிட்டர் ஆபீஸ் ரகசியத்தை இங்கே சொல்கிறவர் நாளை நம் ரகசியத்தை எங்கே சொல்வாரோ என்று அவர் நினைப்பார்.

எப்போது சேர முடியும்?

---

தோவாளைக்காரி · மாலை 7:15

செப்டம்பர் 30 வரி ஆடிட் கடைசி நாள். அதுவரை சாரை விட்டுவிட்டு வர மனசு இல்லை, வரவும் விட மாட்டார். அக்டோபர் 5 முடியும். அவர்களுக்கு உடனே வேண்டுமாம்.

---

தக்கலை மாமா · இரவு 8:30

அதையும் நல்லபடியாகவே சொல்லலாம். 5-ஆம் தேதி வந்தால் செப்டம்பர் மாத ரிட்டர்ன் உங்கள் கையில்தான் போகும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வார்த்தையை உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

> வணக்கம் சார். சனிக்கிழமை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. வேலை பிடித்திருக்கிறது, சேர விரும்புகிறேன்.
>
> போனில் முதலில் பேசும்போது 25,000 முதல் 28,000 என்று சொல்லியிருந்தேன். அது நாகர்கோவில் கடைக் கணக்கை மட்டும் நினைத்துச் சொன்னது. நேரில் பேசியபோது தக்கலை, மார்த்தாண்டம் கணக்குகளும், வாரம் இரண்டு நாள் மார்த்தாண்டம் போவதும் சேர்ந்தது. ஜிஎஸ்டி எண் ஒன்றுதான் என்றாலும், 11-ஆம் தேதி ரிட்டர்னுக்குள் மூன்று கடை பில்லும் ஒன்று சேர வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்வேன்.
>
> நீங்கள் சொன்ன இன்புட் பிரச்சினைக்கு, ஒவ்வொரு மாதமும் 2பி-யுடன் கொள்முதலை ஒத்துப் பார்த்து, பில் ஏற்றாத சப்ளையர்களின் பட்டியலை 16-ஆம் தேதிக்குள் உங்களிடம் தருவேன். இப்போது நான் பார்க்கும் ரிட்டர்ன்களில் இரண்டு வருடமாகத் தாமதக் கட்டணம் இல்லை.
>
> இந்த வேலைக்கு மாதம் 30,000, கடையின் பிஎஃப் பங்கு தனி, மார்த்தாண்டம் பயணத்துக்குப் பெட்ரோல் தனி என்று வைத்தால் நான் இன்றே உறுதி சொல்கிறேன். அக்டோபர் 5 சேர்ந்து, செப்டம்பர் ரிட்டர்னை நானே முடித்துத் தருவேன். இதில் உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாமா சார்?

ஏன் இப்படி என்றால், நீங்கள் செய்யப்போவது எல்லாம் "செய்வேன், தருவேன்" என்று நிற்கிறது. "முடிந்தால்", "கொஞ்சம்", "மன்னிக்கவும்" எதுவும் இல்லை. "தர வேண்டும்" என்பதற்குப் பதில் "இப்படி வைத்தால் நான் உறுதி சொல்கிறேன்" என்று வருகிறது. அவர் ஒன்று தந்தால் உடனே அவருக்கு ஒன்று கிடைக்கிறது, ஆள் தேடும் வேலை முடிகிறது. கேள்வி ஒன்றே ஒன்று, கடைசியில். முதல் மெசேஜில் கடைசி வரி கதவை மூடியது, இதில் நாற்காலியை இழுத்துப் போடுகிறது.

---

பேரம்புலி · இரவு 9:10

நீளம் அதிகம். வாட்ஸ்அப்பில் இவ்வளவு யார் படிப்பார்கள்? அதோடு "சேர விரும்புகிறேன்" என்று முதலிலேயே சொன்னால் பிடி போய்விடும்.

---

குழித்துறை கடைக்காரன் · இரவு 9:35

நீளம் பற்றி தம்பி சொல்வது நியாயம். 11-ஆம் தேதி வரியை எடுத்துவிடலாம். ஆனால் "சேர விரும்புகிறேன்" இருக்க வேண்டும். இவர் வரப்போகிறாரா, சும்மா விலை கேட்டுவிட்டு ஆடிட்டரிடம் போய்க் கூட்டி வாங்கப் போகிறாரா என்பதுதான் என் பயமே. அந்த வரி அதைத் தீர்க்கிறது.

மாமாவிடம் எனக்கு ஒரு வேறுபாடு. 30 முடியாவிட்டால் 28-ம் ஏப்ரலில் உயர்வும் என்று இரண்டாவது வழியையும் இதிலேயே சொன்னால் எனக்கு வசதி. போனை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசிக்க மாட்டேன்.

---

தக்கலை மாமா · இரவு 9:50

உங்களுக்கு வசதிதான்! இரண்டு எண் எழுதினால் நீங்கள் சிறியதைத்தான் எடுப்பீர்கள். அது அவள் மனதில் இருக்கட்டும், மெசேஜில் வேண்டாம்.

---

குழித்துறை கடைக்காரன் · இரவு 9:58

எடுப்பேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே எண் வந்து அது என் கைக்கு மீறியது என்றால், பதிலே போடாமல் விட்டதும் உண்டு. அதையும் யோசியுங்கள்.

---

அழகியபாண்டிபுரம் அக்கா · இரவு 10:15

சார் என்பதை அண்ணாச்சி என்று மாற்றினால் இன்னும் நெருக்கமாக இருக்குமே?

---

தோவாளைக்காரி · இரவு 10:40

அக்கா, பேசும்போது அப்பாவைத்தான் அண்ணாச்சி என்றேன். மகன் என் வயது, அவருக்கு சார்தான்.

11-ஆம் தேதி வரியை எடுத்துவிட்டேன். ஒரே எண் மட்டும் வைத்திருக்கிறேன், 28-ஐ மனதில் வைத்துக்கொள்கிறேன். காலையில் அனுப்புகிறேன். ராத்திரி அனுப்பினால் தூங்க முடியாது.

---

தோவாளைக்காரி · செப்டம்பர் 6, மதியம் 1:20

இரண்டு நாள் நீலக் கோடு மட்டும்தான் இருந்தது. இப்போது அப்பாவே போன் செய்தார். முதல் கேள்வியே "அந்த சப்ளையர் பட்டியல் 16-ஆம் தேதிக்குள் வந்துவிடுமா?" என்பதுதான். வரும் என்றேன். அப்புறம் சொன்னார்: 28,500, பிஎஃப் பங்கு அவர்கள் தனியாகப் போடுவார்கள், பெட்ரோல் வவுச்சர் எழுதி வாங்கிக்கொள்ளலாம், அக்டோபர் 5 சரி. "மற்றதை ஏப்ரலில் பார்ப்போம்" என்றார்.

என் பங்குப் பிஎஃப் போனால் கையில் 26,700. இப்போது வாங்குவதைவிட 4,700 கூடுதல்.

---

தக்கலை மாமா · மதியம் 1:45

நல்லது. ஆனால் "பார்ப்போம்" என்பதை எந்தக் கணக்கில் வரவு வைப்பீர்கள்? இன்றே நன்றி சொல்லி, பேசியதை எல்லாம் வரிசையாக எழுதி அனுப்புங்கள். "ஏப்ரல் சம்பளத்தில் மறுபரிசீலனை" என்று ஒரு வரியும் சேருங்கள். வேலை உறுதிக் கடிதத்திலும் அதைக் கேளுங்கள். கடிதம் கைக்கு வரும் வரை ஆடிட்டரிடம் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.

---

குழித்துறை கடைக்காரன் · மதியம் 2:10

எங்கள் பக்கத்துக் கடைகளில் கடிதம் எல்லாம் யார் தருகிறார்கள் மாமா? வாட்ஸ்அப்பில் அவர் "ஓகே" போட்டால் அதுவே பெரிது. கடிதம் கேட்டு முறுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

---

தக்கலை மாமா · மதியம் 2:25

பிஎஃப் போடுகிற கடை கடிதமும் தரலாம்.

---

தோவாளைக்காரி · மதியம் 3:30

இப்படி அனுப்பினேன்: "நன்றி அண்ணாச்சி. 28,500, பிஎஃப் பங்கு தனி, பெட்ரோல் வவுச்சர், அக்டோபர் 5 சேருவது, ஏப்ரல் சம்பளத்தில் மறுபடி பார்ப்பது என்று நாம் பேசியதைக் கடிதமாகத் தந்தால் ஆடிட்டர் சாரிடம் சொல்லிவிடுகிறேன்." மகன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

---

ரப்பர்தோட்டம் · மதியம் 3:50

சரி மக்கா, ஆடிட்டர் எவ்வளவு கூட்டித் தருகிறேன் என்றார்?